வயிற்றுக்கும் பாதத்துக்கும் இடையிலான இரண்டு பாகை: நிறை குறைந்த சிசுவின் வெப்பநிலையை வாசித்தல்

பிறந்த சிசுவின் அக்குள் வெப்பநிலை 36.5 இற்கும் 37.5 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 36.0 முதல் 36.4 வரையிலானது குளிர் அழுத்தம் என்றும், 32.0 முதல் 35.9 வரையிலானது நடுத்தரக் குளிர்வு என்றும், 32 இற்குக் கீழ்ப்பட்டது கடுமையான குளிர்வு என்றும் வகுக்கப்பட்டுள்ளன. பிரசவ விடுதிகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவுகளிலும் பணிபுரிபவர்களுக்கு இந்த எல்லைகள் மனப்பாடம். ஆயினும், பிறப்பு நிறை 2,500 கிராமுக்குக் குறைந்த ஒரு சிசுவின் அக்குளில் 36.6 என்று வருவதால் மட்டும் அது சுகமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அந்த எண்ணைத் தக்கவைப்பதற்கு அச்சிசு தன்னிடமுள்ள சொற்பச் சேமிப்பை எரித்துக்கொண்டிருக்கலாம், அல்லது இன்கியுபேட்டர் அதற்காக வழக்கத்துக்கு மாறாக உழைத்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சிசு ஏன் குளிர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்புக் கரையில் விடியற்காலை வெப்பநிலை 23 அல்லது 24 பாகைக்கு இறங்குவது வழக்கம். வாடைக்காற்றும் மழை ஈரமும் சேரும்போது பெரியவர்களே போர்த்திக்கொள்வோம். ஆனால் நமக்கு இதமாகத் தோன்றும் 28 பாகை அறை கூட 1,700 கிராம் எடையுள்ள ஒரு சிசுவுக்குக் குளிரான இடம்தான். உடையின்றிக் கிடக்கும் அப்படியொரு சிசு, தன் சக்தியைச் செலவழிக்காமல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 34 பாகையில் இருக்க வேண்டும். அதன் உடல் நிறையோடு ஒப்பிடுகையில் தோலின் பரப்பு மிக அதிகம், தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, தோலோ மெல்லியது. அத்தோடு நம்மைப் போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அதற்கு இயலாது.

நடுக்கத்துக்குப் பதிலாகச் சிசுவிடம் இருப்பது பழுப்புக் கொழுப்பு. தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் அது படிந்திருக்கும். தோல் குளிர்ந்தவுடன் நரம்பு நுனிகளில் நொரட்ரினலின் சுரந்து, அக்கொழுப்பு எரியத் தொடங்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய விடயம், அந்த எரிப்புக்கு ஒட்சிசனும் குளுக்கோசும் வேண்டும் என்பது. குறைமாதத்தில் பிறந்த சிசுவிடம் பழுப்புக் கொழுப்பும் குறைவு, ஈரலில் சேமிக்கப்பட்ட சர்க்கரையும் குறைவு, நுரையீரலோ இன்னும் முதிராதது. ஆகவே வெப்பநிலை விழாமல் காக்கும் முயற்சியே இரத்தச் சர்க்கரையை விழுத்தி, மூச்சை வேகமாக்கி, இரத்தத்தை அமிலமாக்கி விடக்கூடும். வெப்பமானி சரியான எண்ணைக் காட்டும் வேளையில் சிசு சோர்ந்து பால் குடிக்க மறுப்பதும், நன்றாகப் பால் கொடுத்தும் நிறை ஏறாமல் இருப்பதும் பல வேளைகளில் இப்படித்தான் நேர்கின்றன.

கொழுப்பை எரிப்பதற்கு முன்னரே உடல் இன்னொன்றைச் செய்கிறது. கை கால்களுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடான இரத்தத்தை உடலின் நடுப்பகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதனால் வயிறு சூடாகவே இருக்கப் பாதம் முதலில் குளிர்கிறது. இந்த வித்தியாசத்தை அளக்கலாம் என்பதே நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பயனுள்ள வாய்ப்பு. வயிற்றின் தோலில் ஓர் உணரியையும் உள்ளங்காலில் இன்னோர் உணரியையும் ஒட்டினால், சுகமாக இருக்கும் சிசுவில் பாதம் வயிற்றை விட ஏறத்தாழ அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை மட்டுமே குளிராக இருக்கும். இந்த இடைவெளி இரண்டு பாகைக்கு மேல் போய் அப்படியே நின்றால், அக்குள் எண் எதுவாக இருந்தாலும் சிசு குளிரோடு போராடுகிறது என்றோ, அதன் இரத்தச் சுற்றோட்டத்தில் வேறு கோளாறு இருக்கிறது என்றோ கொள்ள வேண்டும். ஆயிரம் கிராமுக்கும் குறைந்த மிகச் சிறிய சிசுக்களில் மட்டும் முதல் சில நாட்களுக்கு இந்த அளவீட்டை நம்ப முடியாது. குழாய்களைச் சுருக்கும் ஆற்றலே அவற்றில் இன்னும் வளர்ந்திருப்பதில்லை.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் படிப்படியாகப் பார்ப்போம். கார்த்திகை மழையில், 33 வாரங்களில், 1,700 கிராம் நிறையுடன் ஒரு பெண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தவுடன் துடைத்து, துணியில் சுற்றி, தாயின் பக்கத்துக் கட்டிலில் கிடத்துகிறார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து அக்குள் 36.6 காட்டுகிறது. தாளில் அந்த எண்ணை மட்டும் எழுதினால் எல்லாம் சரி. ஆனால் தோலை அளக்கையில் வயிறு 36.4, பாதம் 33.6 என்று வருகிறது. இடைவெளி 2.8 பாகை. பாதத்தைப் புறங்கையால் தொட்டால் சில்லென்றிருக்கிறது, சற்று நீலம் பாரித்திருக்கிறது, குழந்தை வழக்கத்தை விட வேகமாக மூச்சு விடுகிறது.

இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது வெப்பம் எங்கே போகிறது என்று தேடுவது. தலைமயிர் இன்னும் ஈரமாக இருக்கிறதா, சுற்றிய துணி பிறந்தபோது துடைத்த அதே ஈரத்துணியா, மின்விசிறிக்கு நேர் கீழே கட்டில் கிடக்கிறதா, மழையில் குளிர்ந்த சுவரோடு அல்லது யன்னலோடு ஒட்டிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. காற்று சூடாக இருந்தாலும் பக்கத்திலுள்ள குளிர்ந்த பரப்பை நோக்கி உடல் வெப்பம் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கும், அதைப் போர்வையால் முழுமையாகத் தடுக்க முடியாது. அடுத்ததாக இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் அது ஏற்கெனவே குறைந்திருக்கலாம். பின்னர் குழந்தையைத் தாயின் நெஞ்சில் வைக்க வேண்டும்.

அப்படி வைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. குழந்தைக்குக் கழிவுத் துணியும் தொப்பியும் காலுறையும் மட்டும் அணிவித்து, தாயின் இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படும்படி வைப்பார்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் குத்தினால் மூச்சுப் பாதை மடங்கும், அளவுக்கு மீறி அண்ணாந்தாலும் ஆபத்து. கால்கள் தவளையின் கால்களைப் போல மடிந்து அகன்றிருக்கும். துணிக்கட்டின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே வரும்படி இறுக்கிக் கட்டி, அதன் மேல் தாயின் சட்டையோ போர்வையோ போட்டு, தாய் சற்றுச் சாய்ந்த நிலையில் இருப்பார். துணி நெஞ்சை இறுக்க வேண்டும், வயிற்றை இறுக்கக் கூடாது. இந்த வயதுக் குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடுகிறது. தாயின் நெஞ்சுக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் இடையில் உள்ளாடையோ சேலைத் தலைப்போ இருந்தால் பலன் பெரிதும் குறைந்துவிடும். விடுதியில் வெட்கம் காரணமாகத் தாய்மார் அப்படிச் செய்வதுண்டு என்பதால், ஒரு திரைச்சீலையை இழுத்துவிடுவது கூட இங்கே மருத்துவக் கவனிப்பின் ஒரு பகுதி ஆகிறது.

நமது எடுத்துக்காட்டில், ஒரு மணித்தியாலம் கழித்து வயிறு 36.6, பாதம் 35.4 என்று வருகிறது. அக்குள் எண் 36.7 தான், பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆனால் இடைவெளி 2.8 இலிருந்து 1.2 இற்கு வந்துவிட்டது, மூச்சின் வேகமும் தணிந்திருக்கிறது. குழந்தை தன் சேமிப்பை எரிப்பதை நிறுத்திவிட்டது என்பதற்கு இதுவே சான்று. மாறாக, ஓரிரண்டு மணித்தியாலம் சரியாக நெஞ்சில் வைத்திருந்தும் வயிறு சூடாகவும் பாதம் குளிராகவுமே நீடித்தால், குளிரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தொற்று, நீரிழப்பு, இரத்த அளவு குறைதல் ஆகியவையும் இதே இடைவெளியை உண்டாக்கும். அந்த வேளையில் வைத்தியரை அழைக்க வேண்டும்.

தாயின் நெஞ்சு வெறும் வறுமைக்கான மாற்று ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் சனாப்ரியா என்ற வைத்தியர் இன்கியுபேட்டர்களின் பற்றாக்குறையால் இந்த முறையைத் தொடங்கினார் என்பது உண்மைதான். ஆனால் 2021 இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை நிறையுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்கள் அதில் சேர்க்கப்பட்டனர். நிலை சீரான பின்னரே நெஞ்சில் வைக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்தவுடனேயே வைக்கப்பட்டவர்களில் அது 12.0 சதவீதமாக இருந்தது. பின்னவர்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணித்தியாலங்கள் நெஞ்சில் இருந்தார்கள். இதையடுத்து 2022 இல் வந்த பரிந்துரை, குறைமாத, நிறை குறைந்த சிசுக்கள் அனைவரையும் பிறந்தவுடனேயே, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலங்கள் வரை இப்படி வைத்திருக்குமாறு சொல்கிறது. தானாக மூச்சு விட முடியாத, அதிர்ச்சி நிலையிலுள்ள, அல்லது செயற்கைச் சுவாச இயந்திரம் தேவைப்படும் சிசுக்களே விதிவிலக்கு. தாய் சத்திரசிகிச்சைக்குப் பின் மயக்கத்தில் இருந்தால் தந்தையோ அம்மம்மாவோ வைத்திருக்கலாம். வாகரை போன்ற தூரத்து இடங்களிலிருந்து மட்டக்களப்பு நகருக்குக் குழந்தையை அனுப்பும்போது, ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான அந்த அம்புலன்ஸ் பயணத்தில், நிலை சீராக உள்ள குழந்தைக்குத் தாயின் நெஞ்சை விடச் சிறந்த சூடேற்றி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மெல்லிய தோல் நொடியில் வெந்துவிடும், போத்தல் ஆறிய பின்னரோ அது குழந்தையிடமிருந்து வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கும்.

இனி இன்கியுபேட்டர். இதில் இரண்டு முறைகள் உள்ளன. காற்று முறையில் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலையை நாம் தீர்மானிக்கிறோம். 1,500 முதல் 2,000 கிராம் வரையிலான சிசுவுக்கு முதல் பத்து நாட்களுக்கு 34 பாகை என்பது வழக்கமான தொடக்க அளவு. பெட்டியின் சுவர் ஒற்றைத் தட்டாக இருந்தால், அறைக்கும் பெட்டிக்கும் உள்ள ஒவ்வொரு ஏழு பாகை வித்தியாசத்துக்கும் ஒரு பாகையைக் கூட்ட வேண்டும். அறை 27 பாகையில் இருந்தால் 34 இற்குப் பதிலாக 35 வைக்க வேண்டும் என்பது இதன் பொருள். குளிரூட்டியை 22 பாகையில் ஓடவிட்ட அறையில் பெட்டியின் சுவர் எவ்வளவு குளிர்ந்து குழந்தையின் வெப்பத்தை இழுக்கும் என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

தோல் முறையில், வயிற்றில் ஒட்டிய உணரி ஒரு குறித்த எண்ணில், பெரும்பாலும் 36.5 இல் நிற்கும்படி இயந்திரமே சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. தாதியர் இந்த உணரியைப் புரோப் என்றே சொல்வார்கள். வசதியான முறைதான், ஆனால் ஒரு முக்கியமான விளைவு உண்டு. தோல் எண்ணை 36.5 இல் நிறுத்துவதே இயந்திரத்தின் வேலை என்பதால், குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தாலும் திரையில் 36.5 என்றே நீண்ட நேரம் தெரிந்துகொண்டிருக்கும். கோளாறு தெரிவது அந்த எண்ணில் அல்ல, அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் காட்டப்படும் காற்றின் வெப்பநிலையில். எனவே ஒவ்வொரு மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கும் தோல் எண்ணோடு காற்றின் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.

மேலே சொன்ன அதே குழந்தை, தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் இன்கியுபேட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாட்களாகத் தோல் 36.5, காற்று 33.8 என்று நிலையாக இருந்தது. மூன்றாம் நாள் காலையிலும் தோல் 36.5 தான், ஆனால் காற்று 36.2 இற்கு ஏறியிருக்கிறது. அதாவது, அதே வெப்பநிலையைத் தக்கவைக்க இயந்திரம் முன்னிலும் மிக அதிகமாகச் சூடேற்ற வேண்டியுள்ளது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். உணரி ஒட்டுக் கழன்று அல்லது அரைகுறையாக ஒட்டி, தோலைத் தொடாமல் காற்றை அளந்துகொண்டிருக்கலாம். அப்போது இயந்திரம் காற்றைத் தோல் என்று எண்ணிச் சூடேற்றிக்கொண்டே போகும், குழந்தை வெந்துபோகும். அல்லது குழந்தை உண்மையாகவே தன் வெப்பத்தை உண்டாக்க இயலாமல் போயிருக்கலாம். குறைமாதச் சிசுக்களில் தொற்று பெரும்பாலும் காய்ச்சலாக வருவதில்லை, இப்படிக் குளிராகத்தான் வரும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. அக்குளில் வெப்பமானியை வைத்துப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். அக்குள் 38.1, பாதமும் சூடு, தோல் சிவந்து குழந்தை கைகால்களை விரித்துத் தளர்ந்து கிடக்கிறது என்றால், உணரி கழன்று மிகைச்சூடு ஏறியிருக்கிறது. அக்குள் 36.3, பாதம் சில்லென்று, வயிற்றுக்கும் பாதத்துக்கும் இடைவெளி மூன்று பாகை, உணரியோ சரியாக ஒட்டியிருக்கிறது என்றால், குழந்தை நோயுற்றிருக்கிறது என்று கருதி உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே தர்க்கம்தான். தோல் 36.5 ஆக இருக்கையில் காற்று 33.8 இலிருந்து 30 இற்கு இறங்கியிருந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இயந்திரம் சூட்டைக் குறைத்து அதை மறைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது குழந்தை புரண்டு உணரியின் மேல் படுத்திருக்கலாம். உடலுக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட உணரி உண்மையை விட அதிகமாகக் காட்டும், இயந்திரம் சூட்டைக் குறைக்கும், குழந்தை குளிர்ந்து போகும். இங்கும் அக்குள் எண் தீர்ப்புச் சொல்லும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இன்னொரு காரணத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். யன்னல் வழியாக நேர் வெயில் பெட்டியின் மேல் விழுந்தால், ஒளி பிளாஸ்ரிக் சுவரினூடாக உள்ளே வந்து சூட்டை அடைத்துவிடும். இயந்திரம் தன் சூடேற்றியை முழுவதும் நிறுத்தினாலும் குழந்தையின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும்.

உணரியை எங்கே ஒட்டுவது என்பதும் இதோடு சேர்ந்ததே. மல்லாந்து கிடக்கும் சிசுவுக்கு, வலது மேல் வயிற்றில், ஈரலுக்கு நேரே ஒட்டுவது வழக்கம். விலா எலும்பின் மேலோ, தோள்பட்டைகளுக்கு நடுவிலோ ஒட்டக் கூடாது. எலும்பின் மேல் அளவு குறைவாக வரும், தோள்பட்டைகளுக்கு நடுவில் பழுப்புக் கொழுப்பு எரிவதால் அதிகமாக வரும். திறந்த சூடேற்றியின் கீழ் கிடத்தினால், கதிர் நேரடியாக உணரியைச் சூடாக்காமலிருக்க அதன் மேல் வெள்ளித் தகடு போன்ற மூடியை ஒட்ட வேண்டும். நெஞ்சில் வைப்பதற்காகக் குழந்தையை வெளியே எடுக்கும்போது இயந்திரத்தைக் காற்று முறைக்கு மாற்ற மறந்தால், கழற்றி வைத்த உணரி குளிர்ந்து, பெட்டி ஒரு பக்கம் வெறுமனே கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தையைத் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் அது தெரியவரும்.

இங்கே மிகைச்சூட்டையும் காய்ச்சலையும் வேறுபடுத்துவதற்கும் அதே இடைவெளிதான் உதவுகிறது. அறை அல்லது போர்வை சூடேற்றியிருந்தால் உடல் வெப்பத்தை வெளியேற்ற முயலும், எனவே பாதம் வயிற்றளவு சூடாகிவிடும், இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும். தொற்றினால் வெப்பம் ஏறினால் உடல் அதைத் தக்கவைக்க முயலும். அக்குள் 38 ஆக இருக்கும்போதே பாதம் குளிர்ந்திருக்கும். முந்தையதற்குப் போர்வையைக் கழற்றி மீண்டும் அளந்தால் போதும். பிந்தையதற்குத் தாமதமின்றி வைத்தியசாலை.

வீட்டில் உணரி இல்லை. அங்கே புறங்கை ஓரளவுக்கு அதன் வேலையைச் செய்யும். வயிறும் பாதமும் இரண்டும் சூடாக, இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குளிர் அழுத்தம், உடனே நெஞ்சில் வைக்க வேண்டும். இரண்டும் குளிர்ந்திருந்தால் அது ஆபத்து. நெஞ்சில் வைத்தபடியே புறப்பட வேண்டும். வீட்டுக்கு வந்த பின்னரும் சிசுவின் அக்குளை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை அளந்து, தொடர்ந்து மூன்று நாட்கள் சீராக இருந்தால் நாளுக்கு இரண்டு முறை அளந்தால் போதும். பழைய பாதரச வெப்பமானிகளில் பல 35 பாகையிலிருந்தே தொடங்குவதால், 34 இல் கிடக்கும் குழந்தையும் 35 ஆகவே தோன்றலாம். மிகக் குறைந்த அளவுகளையும் காட்டும் வெப்பமானியைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து வாங்குவது நல்லது. தகரக் கூரை வீடுகளில் விடியற்காலை மூன்று முதல் ஆறு மணி வரை குளிர் கூடும் என்பதால், அந்த நேரத்துக்குரிய ஓர் அளவீட்டைத் தவறவிடக் கூடாது. சாம்பிராணிப் புகை காட்டிச் சூடாக்குவது குறைமாதச் சிசுவின் நுரையீரலுக்குக் கேடு. முதல் குளிப்பாட்டலை, குறைந்தது 24 மணித்தியாலம் கழிந்து, வெப்பநிலை சீராகும் வரை தள்ளிப்போட வேண்டும். ஒரு மணித்தியாலம் நெஞ்சில் வைத்த பின்னும் அக்குள் 36.5 இற்கு ஏறாவிட்டாலோ, போர்வையைத் தளர்த்திய பின்னும் 37.5 இற்கு மேல் நின்றாலோ, குழந்தை பால் குடிக்கச் சோம்பினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.